எண் இல்லாத கடிகாரம்

எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிற அபூர்வமான சங்கதிகளில் இதுவும் ஒன்று. ஆனால் பார்லர் நடத்துகிறவள் வாயை மூடிக்கொண்டு கத்தரியை மட்டும் ஓட்டினால், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தூங்கிப்போவார். தூங்குகிற தலை சாயும், சாய்கிற தலையில் வெட்டு கோணும். ஆகவே நான் பேசுவது தொழில் தர்மம். அப்பேர்ப்பட்ட நான் என் மகளின் மிஸ் முன்னால் பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தேன் என்றால் விஷயம் சின்னது இல்லை.

பள்ளி விட்டுப் பிள்ளைகள் போன பிறகு, காலியான இரண்டாம் வகுப்பில் என்னை உட்காரச் சொன்னார்கள். பெரியவர்களுக்கான நாற்காலி அங்கே ஒன்றுதான், அது மிஸ்ஸுடையது. எனக்குக் கிடைத்தது பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி. முழங்கால் மோவாயைத் தொட்டது. அப்படி உட்கார்ந்துகொண்டு யாராலும் கோபமாகப் பேச முடியாது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் விவரமானவர்கள்.

என் மகள் வெளியே வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். உருண்டு உருண்டு ஓடுகிறாள் என்று அவளுக்குப் பட்டாணி என்று பெயர் வைத்தது அவள் அப்பா. அன்று பட்டாணி உருளவில்லை, வைத்த இடத்தில் இருந்தாள்.

"உங்க பொண்ணு நல்ல பொண்ணுங்க" என்று ஆரம்பித்தார் மிஸ்.

நல்ல பொண்ணு என்று ஆரம்பித்த எந்தப் பேச்சும் நல்லபடியாக முடிந்து நான் பார்த்ததில்லை.

மிஸ் மேசைமேல் மூன்று தாள்களைப் பரப்பினார். முதல் தாளில் ஒரு குளம், குளம் நிறைய மீன், கரையில் வாத்து, மரத்தில் குருவி. எத்தனை மீன், எத்தனை வாத்து, எத்தனை குருவி என்று கீழே கட்டங்கள்.

"இது படம் பார்த்து எண்றது. பசங்க பொதுவா ரெண்டு தப்பு பண்ணுவாங்க. எண்ணின மீனையே திரும்ப எண்ணிடுவாங்க, இல்லேன்னா ஓரத்துல ஒளிஞ்சிருக்கிறதை விட்டுடுவாங்க. அதனால எண்ணும்போதே ஒவ்வொண்ணு மேலயும் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுவேன். பாருங்க, உங்க பொண்ணு வச்சிருக்கா. ஒரே நேரத்துல மீனையும் வாத்தையும் போட்டுக் குழப்பாம, முதல்ல மீனை முடிச்சுட்டு அப்புறம் வாத்துக்குப் போயிருக்கா. எல்லாமே சரி."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பாறைக்குப் பின்னால் வால் மட்டும் தெரிந்த ஒரு மீன்மேல்கூடப் புள்ளி இருந்தது.

"இது ரெண்டாவது. கடிகாரம். எண் போட்ட கடிகாரம். எல்லாமே சரி."

இரண்டாவது தாள் முழுக்கக் கடிகார முகங்கள். ஒவ்வொன்றின் கீழும் பட்டாணியின் குண்டு குண்டு எழுத்தில் மணி. பச்சைப் பேனாவில் வரிசையாகச் சரிக்குறிகள்.

"இது மூணாவது." மிஸ் குரலைத் தாழ்த்தினார். "இதுல எண் கிடையாது. வெறும் கோடுதான். பத்துல ரெண்டு சரி. மத்த எட்டும் தப்பு."

மூன்றாவது தாளைப் பார்த்தேன். அதே கடிகார முகங்கள்தான். எண் இருக்கவேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கோடுகள். பச்சைப் பேனா அங்கே தப்புக் குறியாகக் குறுக்கே ஓடியிருந்தது.

"எண் இல்லாட்டி எப்படிங்க மிஸ் குழந்தை கண்டுபிடிக்கும்?" என்று கேட்டேன். உண்மையிலேயே கேட்டேன், வம்புக்கு இல்லை.

மிஸ் அலுத்துக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வட்டம் போட்டார். சொல்லிக்கொடுப்பதில் அந்தம்மாவுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"மேல நடுவுல பன்னண்டு. நேர் கீழ ஆறு. நம்ம வலது கைப்பக்கம் மூணு. இடது கைப்பக்கம் ஒன்பது. இந்த நாலும் மனசுல இருந்தா போதும், மிச்சத்தை நடுவுல எண்ணிக்கலாம். பன்னண்டுல ஆரம்பிச்சு வலது பக்கமா இறங்கணும். ஒண்ணு, ரெண்டு, மூணு. அவ்வளவுதான். அப்புறம் சின்ன முள்ளை முதல்ல பாருங்க. அதுதான் மணி. ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னா, தாண்டி வந்த கோடுதான் மணி, போகப்போற கோடு இல்ல. இங்கதான் நிறைய பேர் சறுக்குவாங்க. பெரிய முள் நிமிஷம். அது நிக்கிற இடம் வரைக்கும் அஞ்சு, பத்து, பதினஞ்சுன்னு எண்ணணும்."

சின்ன முள்ளை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் போட்டார், பெரிய முள்ளை நேர் கீழே இறக்கினார். "சொல்லுங்க?"

"ரெண்டரை."

"அவ்வளவுதான். உங்க பொண்ணு இதுக்கு ஒன்பதரைன்னு எழுதியிருக்கா. நாலு மணிக்கு எட்டு மணி. ஏழேகாலுக்கு நாலே முக்கால். எண் இருக்கிற தாள்ல எல்லாம் சரி, எண் இல்லாத தாள்ல வாய்க்கு வந்தது. ரெண்டாவது தாள் எழுதும்போது பக்கத்துல ஃப்ரெண்டு இருந்தா. மூணாவதுக்கு எல்லாரையும் தனித்தனியா உட்கார வச்சேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் குட்டி நாற்காலியிலிருந்து எழுந்துகொள்ளப் பார்த்தேன், அது என்னோடு சேர்ந்தே எழுந்தது.

"பார்த்து எழுதினான்னு சொல்றீங்களா?"

"நான் கேட்டேன். இல்லைன்னு சொன்னா. வகுப்புல எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கக் கூடாதுதான், கேட்டுட்டேன்." மிஸ் தாள்களை அடுக்கினார். "நாளைக்குக் காலையில இன்னொரு தாள் தர்றேன். என் மேசையில தனியா உட்கார்ந்து எழுதட்டும். அதுவும் இப்படித்தான் வந்தா, பெரிய மிஸ்கிட்ட சொல்லத்தான் வேணும். அந்த ஃப்ரெண்டு பக்கத்துலயும் இனிமே உட்கார வைக்க முடியாது."

அந்த ஃப்ரெண்டு ஒரு ரெட்டைச்சடைக்காரி. பட்டாணிக்கு உலகத்திலேயே மூன்று பேரைப் பிடிக்கும் என்றால் முதல் ஆள் ரெட்டைச்சடை. நானும் அவள் அப்பாவும் அதற்குப் பிறகுதான், அதுவும் பால் பாக்கெட் மாதிரி, இருக்கவேண்டியவர்கள் என்ற வகையில்.

தெருவுக்கு வந்ததும் என் வாய் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் தப்பான ஆளிடம் பாய்ந்தது.

"பார்த்து எழுதினியாடி?"

"இல்ல."

"உண்மையைச் சொல்லு. அம்மா அடிக்க மாட்டேன்."

"இல்லம்மா."

"அப்போ ஒரு தாள்ல எல்லாம் சரி, இன்னொரு தாள்ல எல்லாம் தப்பு. அது எப்படி? கடவுள் வந்து எழுதிக் கொடுத்தாரா?"

அவள் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி நடந்தாள். எனக்கு அந்த மௌனம் ஒப்புதல் மாதிரியே பட்டது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும், அதற்குப் போக வேறு வழி தெரியாது. பார்லர் வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். பொய் சொல்கிற வாய்க்கு இனிமேல் பிஸ்கட் கிடையாது என்றும் சொன்னேன்.

எங்கள் பார்லர் ஒரு மருந்துக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில் செருகி வைத்தது போல இருக்கும். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதன் முன்னால் இரண்டு சுழல் நாற்காலிகள். ஒன்றில் வாடிக்கையாளர், இன்னொன்றில் பட்டாணி. பள்ளி விட்டு வந்தால் கடை மூடும்வரை அவள் அங்கேதான். சீப்பும் கிளிப்பும் வைக்கிற பலகையை ஒதுக்கி வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். வீட்டில் சுவர்க் கடிகாரம் கிடையாது. போன் இருக்கும்போது எதற்கு என்று அவள் அப்பா வாங்கவே இல்லை.

அன்று சாயங்காலம் கடைசியாக வந்தது வங்கியில் வேலை பார்க்கிற அக்கா. தலைக்குச் சாயம் பூசி, பிளாஸ்டிக் தொப்பி மாட்டிவிட்டேன். சாயம் ஊறுகிற நேரத்தில் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு பட்டாணியிடம் உட்கார்ந்தேன். மிஸ் சொன்னபடியே வட்டம் போட்டேன். கோடுகள் போட்டேன். பெரிய முள் நேர் மேலே, சின்ன முள் வலது பக்கம் கீழே.

"சொல்லு, மணி என்ன?"

"எட்டு."

"எட்டா? நல்லாப் பாரு. பன்னண்டுல இருந்து எண்ணு."

அவள் எண்ணினாள். உச்சியிலிருந்து இடது பக்கமாக விரலை இறக்கி, அடியைத் தாண்டி, அந்தப் பக்கமாக ஏறி, அசராமல் வந்து சேர்ந்தாள். "ஆறு, ஏழு, எட்டு. எட்டுதாம்மா."

"யாருடி உனக்கு இந்தப் பக்கமா எண்ணச் சொன்னது?"

"முள்ளு அப்படித்தானே போகுது."

"எந்த ஊர் முள்ளு அப்படிப் போகுது?" என் குரல் உச்சத்துக்குப் போய்விட்டது. வங்கி அக்கா தொப்பியோடு திரும்பிப் பார்த்தார். "பாவம், குழந்தையை ஏன் போட்டு உலுக்கற?" என்றார்.

"இல்லக்கா, இவ வேணும்னே பண்றா. மிஸ் என்னைக் கூப்பிட்டு வச்சுக் கேக்கறாங்க. இவ பார்த்து எழுதறாளாம்!"

"நான் பார்த்து எழுதல!" பட்டாணி முதன்முறையாகக் கத்தினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "எட்டு மணின்னு நீதானே சொல்லுவ! முள்ளு இங்க வந்தாத்தானே கடையைச் சாத்துவ! இப்போகூட வந்துடுச்சு, பாரு!"

அவள் கையை நீட்டினாள். நான் பின்சுவர்ப் பக்கம் திரும்பினேன், அங்கேதான் கடிகாரம் இருக்கிறது. அவள் விரல் அங்கே போகவில்லை. நேராக முன்னால், கண்ணாடியைக் காட்டியது.

கண்ணாடிக்குள் எங்கள் மூன்று தலைகளுக்கும் மேலே கடிகாரம் தொங்கியது. வட்டத்தில் எண் கிடையாது. பார்க்க நாகரிகமாக இருக்கட்டும் என்று தங்கநிறக் கோடுகள் மட்டும் போட்டதாக நானே தேடி வாங்கியது. பெரிய முள் உச்சியில். சின்ன முள் வலது பக்கம் கீழே. நான் காகிதத்தில் போட்டிருந்த படம் அச்சாக அப்படியே இருந்தது.

திரும்பிப் பின்சுவரைப் பார்த்தேன். சின்ன முள் இடது பக்கம் கீழே. எட்டு மணி.

நான் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்து நிற்கிறவள் நான். மணி பார்ப்பதும் கண்ணாடியில்தான். இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் படிப்பது எனக்குக் கைப்பழக்கம், மாற்றுகிறேன் என்பதுகூட எனக்கே தெரியாது. இடப்பக்கம் கொஞ்சம் குறைச்சுடு என்று வாடிக்கையாளர் கண்ணாடியில் வலப்பக்கத்தைக் காட்டினாலும் என் கை சரியான பக்கத்துக்குத்தான் போகும். அந்தக் கையால்தான் தினமும் சீப்பை நீட்டி, கண்ணாடியைக் காட்டி, "பாரு, நாலு மணி ஆச்சு, பாலைக் குடி", "பாரு, ஆறு மணி, வீட்டுப்பாடத்தை எடு" என்று பட்டாணிக்குக் கடிகாரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கண்ணாடிக்குள் முள் இடது பக்கமாகத்தான் இறங்கும். அவள் பார்த்ததைப் படித்திருக்கிறாள்.

"எண் போட்ட கடிகாரம்னா எப்படிப் பார்ப்ப?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எண்ணைப் படிப்பேன்" என்றாள், இதைக்கூடவா கேட்பாய் என்கிற மாதிரி.

வங்கி அக்கா தொப்பியும் சாயமுமாகக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பட்டாணியைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினேன். அவளைப் பின்சுவர்ப் பக்கம் நேராக நிறுத்திக் கடிகாரத்தைக் காட்டினேன், நம் வலது கைப்பக்கம் மூன்று என்று அவள் வலது கையைப் பிடித்து நீட்டவைத்தேன். கெட்டிக்காரி, சட்டென்று பிடித்துக்கொண்டாள். கடை சாத்தும்போது பிஸ்கட் பாக்கெட்டை முழுசாக அவள் கையில் கொடுத்தேன். அந்தச் சிரிப்பிலும் கும்மாளத்திலும் சாயம் கழுவ நேரம் தாண்டிப்போய், வங்கி அக்காவின் தலை நினைத்ததைவிட ஒரு சாயல் கறுப்பாக வந்தது. அவர் அதற்கும் சிரித்தார்.

மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு முன்பே பள்ளிக்குப் போய்விட்டேன். கையில் பார்லரின் கைக்கண்ணாடி. வாடிக்கையாளருக்குப் பின்னந்தலையைக் காட்டுவோமே, அது. வகுப்பில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். பட்டாணி கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்தாள். ரெட்டைச்சடை முன்னாலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"மிஸ், அந்த மூணாவது தாளை எடுங்க" என்றேன். இந்தத் தடவை குட்டி நாற்காலியில் உட்காரவில்லை.

தாளை மேசைமேல் நிறுத்தி, எதிரே கண்ணாடியைப் பிடித்தேன். மிஸ்ஸுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பார்லர், பின்சுவர், சீப்பு என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கண்ணாடிக்குள் தெரிந்த கடிகாரத்தையும், தாளில் பட்டாணி எழுதியிருந்த விடையையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்.

"நாலு மணி... கண்ணாடியில எட்டு. எட்டுன்னு எழுதியிருக்கா. ரெண்டரை, ஒன்பதரை. சரி." அவர் குரலில் வேகம் ஏறியது. "பன்னண்டும் ஆறும் ஏன் சரியா வந்துதுன்னு இப்போ தெரியுது! அது ரெண்டும் கண்ணாடியில இடம் மாறாது, நடுவுல நிக்குது. இது எனக்கே தோணியிருக்கணும்." அடுத்ததில் விரலை வைத்தவர் அங்கேயே நின்றார். "இங்க பாருங்க. ஏழேகால். கண்ணாடியில சின்ன முள் அஞ்சைத் தொடப்போகுது. பெரியவங்களே அவசரத்துல அஞ்சே முக்கால்னு சொல்லிடுவாங்க. இவ நாலே முக்கால்னு எழுதியிருக்கா. தாண்டி வந்த கோட்டைத்தான் எடுக்கணும்னு நான் சொன்னதை அப்படியே செஞ்சிருக்கா. வாய்க்கு வந்ததுன்னு சொன்னேனே நான்."

பத்தும் சரியாக இருந்தது. கண்ணாடிக்குள்.

நான் வாயைத் திறந்தேன். ராத்திரியே மனதுக்குள் எழுதி வைத்த பெரிய பிரசங்கம் ஒன்று தயாராக இருந்தது. அதற்கு வேலை வரவில்லை. மிஸ் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கடைசி வரிசைக்குப் போனார். பட்டாணியின் கையைப் பிடித்து வகுப்புக்கு முன்னால் கூட்டிவந்தார்.

"எல்லாரும் கவனிங்க" என்றார். "நேத்து நான் இவளைப் பார்த்து எழுதினியான்னு உங்க எல்லார் முன்னாடியும் கேட்டேன். இவ பார்த்து எழுதல. நான் தப்பா நினைச்சேன். தப்பு என்னோடது." பிறகு குனிந்து, பட்டாணியின் முகத்துக்கு நேராக, "என்னை மன்னிச்சிடும்மா" என்றார்.

பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மிஸ் மன்னிப்புக் கேட்டு அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. பட்டாணி தலையை ஆட்டினாள். புதுத் தாளை வாங்கிக்கொண்டு மிஸ்ஸின் மேசையிலேயே உட்கார்ந்தாள். ஒவ்வொரு கடிகாரத்துக்கும் வலது கையை ஒருமுறை நீட்டிப் பார்த்துக்கொண்டு எழுதினாள். பச்சைப் பேனா ஓடிய வேகத்திலிருந்தே எல்லாம் சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மிஸ் ரெட்டைச்சடைக்குப் பக்கத்து இடத்தைக் கை காட்டினார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஜெயித்தவள் நடையில் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். பின்னால் சின்னக் காலடிச் சத்தம் கேட்டது. பட்டாணி வந்து நின்றாள். ரெட்டைச்சடையிடம் போகாமல் என்னிடம் வந்திருந்தாள்.

"என்னம்மா?"

"மிஸ் சொல்லிட்டாங்க" என்றாள். "நீ சொல்லல."

"என்ன சொல்லல?"

"நீயும் கேட்டியே. ரோட்டுல. பொய் சொல்ற வாய்ன்னு சொன்னியே."

எனக்குச் சுருக்கென்றது. நேற்றிலிருந்து எத்தனை சிரித்தோம், எத்தனை சுற்றினோம், பாக்கெட் நிறைய பிஸ்கட்கூடக் கொடுத்தேன். அந்த ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. மிஸ்ஸைத்தான் மன்னிப்புக் கேட்கவைக்க வந்திருந்தேன். "பார்த்து எழுதினியா" என்று இவளை மிஸ் கேட்டது ஒருமுறை. நான் தெரு நீளத்துக்கும் கேட்டேன்.

வராந்தாவில் பிள்ளைகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். மண்டியிட்டு உட்கார்ந்தேன். இந்த நீள வாய்க்கு அந்தச் சின்ன வார்த்தை எவ்வளவு கனமாக இருந்தது என்று சொல்லி மாளாது.

"நீ பார்த்து எழுதல. நான்தான் நம்பல. மன்னிச்சிடுடி கண்ணு."

"இனிமே என்னை முதல்ல கேளு."

"கேட்டேனேம்மா."

"கேட்ட. நான் சொன்னதை எடுத்துக்கல."

அவள் என் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, உள்ளே ரெட்டைச்சடையை நோக்கி உருண்டு ஓடினாள்.